எதன் மீது இரண்டு சதவீதம்?

2004 டிசம்பர் 26 அன்று காலை சென்னையின் நொச்சிக்குப்பத்துக்குள் கடல் புகுந்தது. அப்போது இந்தியா முழுவதும் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் விற்கப்பட்ட தீக்காப்பீட்டுப் பாலிசி ஒன்றுதான். ‘ஸ்டாண்டர்டு ஃபயர் அண்ட் ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்று பெயர். புயல், சூறாவளி, வெள்ளம், நீர் புகுதல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு அந்தப் பாலிசி இழப்பீடு தரும். ஆனால் அதைச் சொல்லும் அதே வாக்கியத்தில், நிலநடுக்கத்தின் விளைவாக வரும் வெள்ளத்துக்கு இது பொருந்தாது என்ற விலக்கும் இருந்தது. நிலநடுக்கப் பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாக வாங்கியிருந்தால் மட்டும் அந்த விலக்கு நீங்கும். சுமத்ரா அருகே கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலைதான் அன்று கரையேறியது. அடுத்தடுத்த இரண்டு கடைக்காரர்களின் பாலிசியிலும் ‘வெள்ளம் உண்டு’ என்று இருந்திருந்தாலும், ஒருவருக்குப் பணம் வரவும் மற்றவருக்கு வராமல் போகவும் அந்த ஒரு சொற்றொடர் போதும்.

இன்று கடலோர வியாபாரி ஒருவர் கையில் இரண்டு கொட்டேஷன்களை வைத்துக்கொண்டு புரோக்கரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இப்படிப்பட்ட சொற்றொடர்களைப் பற்றியவை. பிரீமியம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அது ஏன் வேறுபடுகிறது என்பதற்கான விடை மூன்று இடங்களில் இருக்கிறது. நட்டத்தில் நாம் ஏற்க வேண்டிய முதல் பகுதியான டிடக்டிபிள் ஒன்று. மொத்தக் காப்பீட்டுத் தொகைக்குள் குறிப்பிட்ட வகை இழப்புக்கு மட்டும் வைக்கப்படும் உச்சவரம்பான சப் லிமிட் இன்னொன்று. மூன்றாவது, விலக்குகள்.

இந்த வேறுபாடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 முடிய தீக்காப்பீட்டின் விலையும் வாசகமும் ‘டாரிஃப்’ என்ற பொது விதிக்குள் இருந்தன. எந்தக் கம்பெனியிடம் போனாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும். 2007 ஜனவரியிலிருந்து விலையைக் கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்றானது. வாசகம் மட்டும் பெரும்பாலும் பழையபடியே நீடித்தது. 2021 ஏப்ரல் முதல், ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்காக ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற ஒரே மாதிரிப் பாலிசியை எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. அதில் நிலநடுக்கமும் சுனாமியும் அடிப்படைப் பாதுகாப்பிலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பாலிசிகளையும் விற்கலாம். 2024க்குப் பிறகு பழைய டாரிஃப் வாசகங்களின் கட்டாயமும் தளர்ந்துவிட்டது. ஆகவே இரண்டு கொட்டேஷன்கள் வேறுபடுவது இயல்புதான். அந்த வேறுபாட்டை விளக்காமல் விட்டால்தான் அது புரோக்கரின் தவறு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக நானே அமைத்துக்கொண்ட உதாரணம் இது. எண்கள் எந்த நிறுவனத்துடையவையும் அல்ல. நொச்சிக்குப்பத்தில், லூப் ரோட்டுக்கு அருகே தரைத்தளத்தில் வாடகை இடம். அங்கே ஒரு பெண் வியாபாரி குளிர் அறை வைத்து மீன் மொத்த வியாபாரம் செய்கிறார். வஞ்சிரமும் இறாலும் வாங்கி உறையவைத்து ஓட்டல்களுக்கு அனுப்புகிறார். குளிர் அறையின் சுவர்ப்பலகைகள், கம்ப்ரசர், ஜெனரேட்டர், தராசுகள் எல்லாம் சேர்த்து 20 லட்ச ரூபாய். சரக்கு 15 லட்சம். மொத்தக் காப்பீட்டுத் தொகை 35 லட்சம்.

புரோக்கர் இரண்டு கொட்டேஷன் அனுப்புகிறார். முதல் கொட்டேஷனின் பிரீமியம் 28,000 ரூபாய், இரண்டாவதன் பிரீமியம் 19,500. முதலாவதில் டிடக்டிபிள் ‘கிளைம் தொகையில் 5 சதவீதம், குறைந்தது 10,000’. இரண்டாவதில் புயல், வெள்ளத்துக்கு ‘காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்’, மற்ற விபத்துகளுக்கு 5,000 ரூபாய். குளிர் அறைச் சரக்கு கெட்டுப்போவதற்கான சப் லிமிட் முதலாவதில் 6 லட்சம். இரண்டாவதில் 10 லட்சம் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘ஆண்டு முழுவதற்கும் 10 லட்சம், ஒரு சம்பவத்துக்கு 4 லட்சம்’ என்று விரிகிறது. போன் செய்து கேட்டால் புரோக்கர் ஆபீசில், “ரெண்டும் ஒண்ணுதாங்க்கா, ரெண்டாவது கொஞ்சம் சீப்” என்கிறார்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காட்ட ஒரே வழிதான் உண்டு. ஒரே சேதத்தை இரண்டு கொட்டேஷனிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் போன்ற ஒரு புயல் மழை என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் இரண்டடித் தண்ணீர். கம்ப்ரசரும் மின்பலகையும் மூழ்கி 4 லட்ச ரூபாய் சேதம். குளிர் போய்ச் சரக்கில் 7 லட்சம் கெட்டுவிட்டது. மொத்த நட்டம் 11 லட்சம்.

முதல் கொட்டேஷனில் இயந்திரத்துக்கு 4 லட்சம் முழுதாக வரும். சரக்கின் 7 லட்சம், சப் லிமிட்டால் 6 லட்சமாகச் சுருங்கும். ஆகப் பத்து லட்சத்தில் 5 சதவீதமான 50,000 போக, கைக்கு 9 லட்சத்து 50 ஆயிரம். இரண்டாவது கொட்டேஷனில் இயந்திரத்துக்கு 4 லட்சம், சரக்குக்கு ஒரு சம்பவத்தின் வரம்பான 4 லட்சம், ஆக 8 லட்சம். டிடக்டிபிள் இரண்டே சதவீதம்தான், ஆனால் அது கிளைம் தொகை மீது அல்ல, முழுக் காப்பீட்டுத் தொகையான 35 லட்சத்தின் மீது. எனவே 70,000 ரூபாய். கைக்கு 7 லட்சத்து 30 ஆயிரம். 8,500 ரூபாய் பிரீமியம் மிச்சம், 2 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் இழப்பீடு குறைவு. ஐந்தைவிட இரண்டு சிறியது என்று கண் முதலில் சொல்லும். எதன் மீது இரண்டு என்று பார்க்கும்போது அது பெரிதாகிவிடுகிறது. நட்டம் சிறியதாக இருந்தால் இன்னும் மோசம்: 60,000 ரூபாய் வெள்ளச் சேதத்துக்கு இரண்டாவது பாலிசியில் ஒரு ரூபாய் கூட வராது.

இதை வைத்து இரண்டாவது கொட்டேஷன் எப்போதும் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்த கடையில் பிடித்த தீ பரவி 60,000 ரூபாய் சேதம் என்றால், முதலாவதில் குறைந்தபட்சக் கழிவான 10,000 போக 50,000 கிடைக்கும். இரண்டாவதில் 5,000 மட்டும் போக 55,000. கரையிலிருந்து தள்ளி, மேடான இடத்தில், முதல் மாடியில் கடை வைத்திருப்பவருக்கு இரண்டாவது கொட்டேஷனே பொருத்தமாக இருக்கலாம். நொச்சிக்குப்பத்தில் தரைத்தளத்தில் குளிர் அறை வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. பதில் இடத்தைப் பொறுத்தது. அதனால்தான் புரோக்கர் அந்த இடத்தை மனதில் வைத்து விளக்க வேண்டும்.

கணக்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலோர் கேட்காமல் விடுவது இதைத்தான். டிடக்டிபிளை முதலில் கழித்துவிட்டுச் சப் லிமிட்டைப் பொருத்துவார்களா, சப் லிமிட்டுக்குச் சுருக்கிய பிறகு கழிப்பார்களா? முதல் கொட்டேஷனையே எடுத்துக்கொள்வோம். சரக்கு நட்டம் 7 லட்சத்தில் 5 சதவீதத்தை முதலில் கழித்தால் 6 லட்சத்து 65 ஆயிரம். அது வரம்பைத் தாண்டுவதால் 6 லட்சம் முழுதாகக் கிடைக்கும். வரம்புக்குச் சுருக்கிய பிறகு கழித்தால் 5 லட்சத்து 70 ஆயிரம்தான். ஒரே பாலிசி, ஒரே சேதம், 30,000 ரூபாய் வித்தியாசம். பாலிசியின் வாசகம் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், சேதத்துக்குப் பிறகு சர்வேயரோடு வாதாட வேண்டி வரும். பிரீமியம் கட்டும் முன் ஒரு வரியில் எழுதி வாங்கிவிட்டால் வாதத்துக்கே இடமில்லை.

விலக்குகளுக்கு வருவோம். குளிர் அறை வைத்திருப்பவருக்கு மிக ஆபத்தான விலக்கு, வெப்பநிலை மாறியதால் குளிர்பதனக் கிடங்கின் சரக்குக்கு வரும் கேடு. பழைய தீக்காப்பீட்டுப் பாலிசியில் இது பொது விலக்காகவே இருந்தது. இதை மீட்க இரண்டு கூடுதல் பாதுகாப்புகள் தனித்தனியாக விற்கப்பட்டன. நம் இடத்தில் உள்ள குளிர்பதன இயந்திரம், பாலிசியில் சொன்ன விபத்தால் சேதமடைந்து வெப்பம் ஏறினால் இழப்பீடு தருவது ஒன்று. மின்நிலையத்தின் வளாகத்தில் அப்படி ஒரு விபத்தால் சேதம் ஏற்பட்டு, அதனால் மின்சாரம் எதிர்பாராமல் நின்றுபோனால் தருவது மற்றொன்று. இன்றைய பாலிசிகள் பலவற்றிலும் இந்த இரட்டைப் பிரிவு வேறு வேறு சொற்களில் தொடர்கிறது.

நம் உதாரணத்தில் முதல் கொட்டேஷனில் இரண்டும் உண்டு. இரண்டாவதில் முதல் வகை மட்டும்தான். பிரீமியம் குறைந்ததற்கு இதுவும் காரணம். வேறொரு நாளைக் கற்பனை செய்வோம். கடைக்குள் தண்ணீர் வரவில்லை. துணைமின் நிலையத்தில் வெள்ளம் புகுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை; ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டது; 3 லட்ச ரூபாய் இறால் கெட்டுவிட்டது. முதல் கொட்டேஷனில் 15,000 கழித்து 2 லட்சத்து 85 ஆயிரம் வரலாம். இரண்டாவதில் எதுவும் வராது.

‘வரலாம்’ என்று தயங்கிச் சொல்லக் காரணம் உண்டு. ‘மின்நிலையம்’ என்ற சொல்லுக்குள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடங்குமா, துணைமின் நிலையம் அடங்குமா என்று கேட்டாக வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி: மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் விபத்தைத் தவிர்க்க மின்சாரத்தை வாரியமே நிறுத்தி வைத்தது. எங்கும் எந்தக் கருவியும் சேதமாகவில்லை, பாதுகாப்புக்காக நிறுத்தினார்கள் என்றால், ‘சேதத்தால் நேர்ந்த எதிர்பாராத மின்தடை’ என்ற வாசகத்துக்குள் அது வராது. சென்னைக் கடற்கரையில் புயல் நாளில் சரக்கு கெட மிகவும் வாய்ப்புள்ள வழி இதுதான். இரண்டு கொட்டேஷன்களும் இதைப் பற்றிப் பேசாமல் இருந்தால், இரண்டிலும் இது இல்லை என்றே வியாபாரி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் கூடுதல் டீசல் இருப்பு வைப்பதே அவருக்கான காப்பீடு.

சரக்கு கெடுதலுக்கென்றே தனியாக விற்கப்படும் பாலிசிகளில் நேரக் கணக்கு ஒன்றும் உண்டு. குளிர் நின்ற பிறகு, கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் சரக்கு கெடாது என்று கருதப்படும் மணிநேரங்களைக் கணக்கிட்டு, அந்த நேரத்துக்குள் நேர்ந்ததாகச் சொல்லும் கேட்டுக்கு இழப்பீடு இல்லை என்பார்கள். பணத்தில் கழிக்காமல் மணியில் கழிக்கும் டிடக்டிபிள் இது. கொட்டேஷனில் டிடக்டிபிள் பகுதியில் இது தென்படாது. விளக்கங்கள் பகுதியில் இருக்கும். எத்தனை மணி என்று கேட்க வேண்டும். வெப்பநிலைப் பதிவேடு எந்த வடிவில் வேண்டும் என்றும் கேட்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் எப்போது குளிர் போனது என்று நிரூபிக்கவே முடியாது.

கடலோரத்துக்கே உரிய இன்னும் இரண்டு விலக்குகளை இங்கே சேர்த்துக் கேட்கலாம். தொடக்கத்தில் சொன்ன நிலநடுக்கம் ஒன்று: கொட்டேஷனில் ‘நிலநடுக்கம் தேர்வு செய்யப்படவில்லை’ என்று ஒரு வரி இருந்தால், சுனாமியின் கதி என்ன என்று எழுதி வாங்க வேண்டும். மற்றது கடல் அரிப்பு. நிலம் உள்வாங்குதலுக்குப் பாதுகாப்பு தரும் பகுதியிலேயே, கடலும் ஆறும் அரித்ததால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். புயல் அலை ஓர் இரவில் அடித்துச் சாய்த்த சுவர் வேறு, ஆண்டுக்கணக்கில் மணல் போய்ச் சாய்ந்த சுவர் வேறு. இதைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு வியாபாரி தலையில் விழும் என்பதால், சுவரும் தரையும் தெரியும்படி தேதியுடன் எடுத்த படங்கள் இருப்பது நல்லது.

இப்போது ‘ஏன்’ என்ற கேள்வி. வேறுபாடு என்ன என்று சொல்வதோடு பல புரோக்கர்கள் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால்தான் அந்த வேறுபாட்டை மாற்ற முடியுமா என்று தெரியும்.

நான் முதலில் சந்தேகப்படுவது, இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே தகவல் போனதா என்பதைத்தான். கொட்டேஷன் கேட்டுப் புரோக்கர் அனுப்பும் குறிப்புத்தாளில் ஒரு நிறுவனத்துக்கு ‘மயிலாப்பூர், மீன் கடை’ என்று போயிருக்கும். இன்னொன்றுக்குக் ‘கடலிலிருந்து இவ்வளவு தூரம், தரைத்தளம், குளிர் அறை’ என்று விவரமாகப் போயிருக்கும். விவரம் குறைவாகப் போன இடத்தில் விலையும் குறைவாகத் திரும்பும். அந்த மலிவு நிலைக்காது. சேதம் நேர்ந்து சர்வேயர் வந்து பார்க்கும்போது, இதையெல்லாம் எங்களிடம் சொல்லவில்லையே என்ற வாதம் எழும். ஆகவே இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிய குறிப்புத்தாளின் நகலைக் கேட்பது வியாபாரியின் உரிமை. இரண்டிலும் முகவரி, தளம், கட்டுமானம், சரக்கு வகை, முந்தைய சேதங்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் அந்த இரண்டு கொட்டேஷன்களையும் ஒப்பிடுவதே வீண். திருத்தி மீண்டும் வாங்க வேண்டும்.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு கடை அடித்தளத்தில் இருந்தது. பாலிசியிலோ அடித்தளத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கு. கடை அடித்தளத்தில் இருப்பது தெரிந்தே காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் வாங்கியிருந்தது. தீவிபத்துக்குப் பிறகு விலக்கைக் காட்டி மறுத்தது. அப்படி ஒரு விலக்கை வைத்து ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்க முடியாது, விலக்கை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. பாலிசி 2012ஆம் ஆண்டுடையது. தீர்ப்பு வரப் பத்தாண்டுகள் ஆயின. வியாபாரி வென்றார் என்பது ஆறுதல்தான். ஒரு மீன் வியாபாரியால் பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது.

தகவல் ஒன்றாகவே இருந்தும் கொட்டேஷன்கள் வேறுபட்டால், அடுத்த காரணம் பாலிசியின் வகை. ஒவ்வொரு பாலிசிக்கும் யுஐஎன் என்ற அடையாள எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கினால் அதன் முழு வாசகத்தையும் படித்துப் பார்க்கலாம். நம் உதாரணத்தில் இரண்டுமே நிறுவனங்களின் சொந்தப் பாலிசிகள் என்று வைத்தால், எழ வேண்டிய நேர்மையான கேள்வி, 35 லட்ச ரூபாய் சொத்துக்கு ‘பாரத் சூக்ஷ்ம’ பாலிசியின் கொட்டேஷன் ஏன் வரவில்லை என்பது. அதில் காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். இந்தச் சலுகை மீன் வியாபாரத்துக்கு மிகவும் தேவை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன் சரக்கைச் சேர்த்து வைப்பவரிடம் 15 லட்சத்துக்குக் காப்பீடு செய்த அறையில் 25 லட்சத்துக்குச் சரக்கு இருக்கலாம். அந்த நேரத்தில் சேதம் வந்தால், பழைய சராசரி விதிப்படி நட்டத்தில் 60 சதவீதம்தான் தருவார்கள். 7 லட்சம் நட்டத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். சப் லிமிட்டும் டிடக்டிபிளும் அதற்குப் பிறகுதான் வரும். 15 சதவீதச் சலுகை இவ்வளவு பெரிய இடைவெளியை மூடாது. எனவே சரக்கின் காப்பீட்டுத் தொகையை உச்சகட்ட இருப்புக்கு வைக்க வேண்டும். ஆனாலும் சிறிய ஏற்ற இறக்கத்தை அந்தச் சலுகை தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது காரணம், நிறுவனம் அந்தக் கடற்கரையை எப்படிப் பார்க்கிறது என்பது. ஒரே புயலில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிளைம்கள் வரும் என்று அஞ்சும் நிறுவனம், வெள்ளத்துக்குக் காப்பீட்டுத் தொகையின் மீது டிடக்டிபிள் வைக்கிறது; சிறிய வெள்ளச் சேதங்கள் தன்னிடம் வரவே கூடாது என்பதுதான் அதன் எண்ணம். இது பேசி மாற்றக்கூடியது. கம்ப்ரசரும் மின்பலகையும் தரையிலிருந்து மூன்றடி மேடையில் இருக்கின்றன என்பதற்குப் படம், ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம், தானாகப் பதிவு செய்யும் வெப்பமானி, 2015 வெள்ளத்திலும் 2023 புயலிலும் உள்ளே தண்ணீர் வந்ததா இல்லையா என்ற உண்மையான விவரம்: இவற்றை முன்வைத்தால் அடிப்படையைக் கிளைம் தொகைக்கு மாற்றவோ சப் லிமிட்டை உயர்த்தவோ நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் இசையலாம். இதைப் பேசிப் பெற்றுத் தருவதற்குத்தான் புரோக்கர் இருக்கிறார். ஏஜென்ட் நிறுவனத்தின் சார்பில் விற்பவர். புரோக்கர் வாடிக்கையாளரின் சார்பில் நிற்க வேண்டியவர்.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல, சட்டம். ஐஆர்டிஏஐயின் 2018ஆம் ஆண்டு புரோக்கர் விதிமுறைகளில் உள்ள நடத்தை நெறி, ஒன்றுக்கு மேற்பட்ட பாலிசிகள் இருக்கும்போது விலையிலும் பாதுகாப்பிலும் சேவையிலும் ஒப்பீடு தந்து, எதை ஏன் பரிந்துரைக்கிறார் என்று புரோக்கர் விளக்க வேண்டும் என்கிறது. நிறுவனம் தந்த நிபந்தனைகளை அப்படியே மாற்றாமல் சொல்ல வேண்டும். முக்கியமான, வழக்கத்துக்கு மாறான கட்டுப்பாடுகளையும் விலக்குகளையும் அவராகவே சுட்டிக்காட்ட வேண்டும். தனக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்லவும் வேண்டும். 2023க்குப் பிறகு கமிஷன் அளவை நிறுவனங்களே தங்கள் வாரியத்தின் கொள்கைப்படி முடிவு செய்வதால், இரண்டு கொட்டேஷன்களில் புரோக்கருக்குக் கிடைப்பது வேறாக இருக்கலாம். அதைக் கேட்பதில் தவறில்லை. நல்ல புரோக்கர் கோபிக்க மாட்டார்.

ஆகவே அந்த வியாபாரி போனில் கேட்டதோடு நிற்காமல் இப்படி ஒரு கடிதம் எழுதலாம்:

“ஐயா, தாங்கள் அனுப்பிய இரண்டு கொட்டேஷன்களும் கிடைத்தன. இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிய விவரத்தாளின் நகலையும், இரண்டு பாலிசிகளின் முழு வாசகத்தையும் அனுப்பி வையுங்கள். மழைநீர் புகுந்து இயந்திரத்துக்கு 4 லட்சமும் சரக்குக்கு 7 லட்சமும் நட்டம் வந்தால், ஒவ்வொரு பாலிசியிலும் என் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். டிடக்டிபிளைச் சப் லிமிட்டுக்கு முன் கழிப்பார்களா, பின் கழிப்பார்களா என்று சொல்லுங்கள். மின்வாரியம் முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்தியதால் சரக்கு கெட்டால் பணம் உண்டா? சுனாமி வந்தால் உண்டா? இரண்டாவது நிறுவனம் வெள்ளத்துக்கு மட்டும் காப்பீட்டுத் தொகையின் மீது கழிப்பது ஏன், அதை மாற்ற நான் என்ன செய்ய வேண்டும்? பதிலை நிறுவனத்திடமே கேட்டு, அவர்கள் அனுப்பிய மெயிலோடு சேர்த்து எனக்கு எழுத்தில் தாருங்கள்.”

கடைசி வாக்கியத்தை விடக் கூடாது. புரோக்கர் தன் புரிதலைச் சொல்வது உதவிதான், ஆனால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது நிறுவனத்தின் எழுத்து. அந்த விளக்கம் பாலிசியிலேயே ஒரு குறிப்பாக ஏற வேண்டும் என்று கேட்டால் இன்னும் நல்லது. கொட்டேஷனில் ஒப்புக்கொண்ட வரி பாலிசியில் காணாமல் போவது உண்டு. பாலிசி கைக்கு வந்த அன்றே அட்டவணைப் பக்கத்தைக் கொட்டேஷனோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பதில்கள் எப்படி வருகின்றன என்பதிலிருந்தே பலவற்றை அறியலாம். கேட்ட சேதத்துக்கு ரூபாயில் பதில் வந்தால் புரோக்கர் வாசகத்தைப் படித்திருக்கிறார் என்று பொருள். “எல்லாம் கவர் ஆகும்” என்று வந்தால் படிக்கவில்லை. சில கேள்விகளுக்கு நிறுவனமே தெளிவாகச் சொல்ல மறுக்கலாம். அந்த மறுப்பும் ஒரு தகவல், அந்த இழப்புக்கு நம் கையிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்ற தகவல்.

நொச்சிக்குப்பத்தில் பெரும்பாலானோர் குளிர் அறைக்காரர்கள் அல்லர். ஐஸ் பெட்டியோடு விற்கும் பெண்களும் பைபர் படகு வைத்திருப்பவர்களும்தான். அவர்கள் தனியாகப் புரோக்கரிடம் போவது அரிது. சங்கமாகச் சேர்ந்து போனால் இதே கேள்விகள் பொருந்தும். படகுக்கு வரும் இரண்டு கொட்டேஷன்களில் ஒன்று படகு முழுதாக அழிந்தால் மட்டும் பணம் தரும், இன்னொன்று பகுதிச் சேதத்துக்கும் தரும். வெளிப்பொருத்து இன்ஜினும் வலையும் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கரையில் ஏற்றி வைத்த படகை அலை இழுத்து மோதி, அடிப்பகுதி பிளந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டாலே வேறுபாடு வெளியே வந்துவிடும்.

பிரீமியம் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் முன் காப்பீடு தொடங்காது என்பது சட்டம். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு அதைச் சொல்கிறது. எனவே கேள்விகளுக்கும் பதில்களுக்கும் நாள் வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. கொட்டேஷன் கேட்பதை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். சேதத்துக்குப் பிறகு தகராறு வந்தால், குறுந்தொழிலுக்கும் தனி உரிமையாளர் வியாபாரத்துக்கும் கொடுத்த பாலிசிகள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் விசாரிக்கும் வரம்புக்குள் வருகின்றன. அந்த அலுவலகம் சென்னையில் அண்ணா சாலையிலேயே இருக்கிறது. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது, பிரீமியம் கட்டும் முன் எழுதிய கேள்வியும் அதற்கு வந்த பதிலும்.

புரோக்கர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டேஷன் ஆங்கிலத்தில் வருகிறது, வாங்குபவர் தமிழில் படிக்கிறார். டிடக்டிபிள் எதன் மீது, சப் லிமிட் ஒரு சம்பவத்துக்கா ஓர் ஆண்டுக்கா, எவை விலக்கு என்ற மூன்றையும், ஒரே சேதத்தின் கணக்கோடு, ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கொட்டேஷனோடு சேர்த்துக் கொடுங்கள். விதி உங்களிடம் கேட்கும் ஒப்பீடு அதுதான்.